கைரேகை எதற்கு என்று ஒரு அக்கா கேட்டால்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு முந்திரி ஆலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். 140 பேர், பெரும்பாலும் பெண்கள். மூன்று மாதம் முன்பு கைரேகை வைக்கும் மெஷின் வந்தது. இப்போது, எங்களிடம் சரக்கு எடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆடிட் அனுப்பப் போகிறது. ஊழியர்களிடம் என்னென்ன தகவல் வாங்குகிறோம், எதற்கு வாங்குகிறோம் என்று அவர்களுக்கு அறிவிப்பு கொடுத்தோமா என்று கேட்டிருக்கிறார்கள். இன்டர்நெட்டில் ஆங்கிலத்தில் ஆறு பக்க மாதிரி ஒன்று கிடைத்தது. அதில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினால் போதும் என்கிறார் முதலாளி. போன வாரம் ஒரு அக்கா, “என் வீட்டுக்காரரோட ஆதாரை எதுக்கு வாங்குனீங்க?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அறிவிப்பை எப்படி எழுதுவது?

— அலுவலகப் பொறுப்பாளர், விளவங்கோடு வட்டம்

பதில்: சகோதரி, அந்த ஆறு பக்கத்தில் யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம். உங்கள் அறிவிப்புக்கான முதல் வரியை அந்த அக்காவே கேட்டுவிட்டார். அவர் கேட்ட “எதுக்கு?” என்ற கேள்வியை நீங்கள் வாங்கி வைத்திருக்கும் ஒவ்வொரு தகவலிடமும் கேளுங்கள். பதில் உள்ளதை அறிவிப்பில் எழுதுங்கள். பதில் இல்லாததை எழுத வழியில்லை, வைத்திருக்கவும் கூடாது. எழுதுவதைவிட இந்தப் பிரித்தெடுப்புதான் பெரிய வேலை.

ஒரு நாள் மதியம் இரண்டு மணிநேரம் ஒதுக்குங்கள். வேலைக்குச் சேரும்போது நிரப்பும் படிவத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் அந்தத் தகவல் எங்கே போகிறது என்று பென்சிலால் எழுதுங்கள். அது யாருடைய கம்ப்யூட்டரில், எந்த பீரோவில், யாருடைய போனில் இருக்கிறது என்பதையும் குறியுங்கள். எல்லாத் தகவலும் மூன்று வகையில் ஒன்றில் வந்து விழும். சட்டம் கேட்பதால் வாங்குவது ஒன்று, வேலையும் சம்பளமும் நடக்க வேண்டும் என்பதற்காக வாங்குவது இன்னொன்று. மூன்றாவது, ஆலை தன் வசதிக்காக வாங்குவது.

முதல் வகையில் சந்தேகமே வராது. 20 பேருக்கு மேல் வேலை பார்ப்பதால் பி.எஃப். உண்டு, 10 பேரைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ.யும் உண்டு. இ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் வருவார்கள். ஊழியரின் ஆதார் எண் இந்த இரண்டுக்கும் வேண்டும். சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 142-ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. இ.எஸ்.ஐ.யில் குடும்பத்தாருக்கும் வைத்தியம் கிடைப்பதால் அவர்களின் பெயர், பிறந்த தேதி, உறவுமுறை கேட்பதில் நியாயம் உண்டு. பி.எஃப். நாமினியின் விவரமும் அப்படித்தான். இரண்டாவது வகையில் பேங்க் கணக்கு எண், போன் நம்பர், எந்தப் பிரிவில் எத்தனை கிலோ செய்தார் என்ற கணக்கு ஆகியவை வரும்.

மூன்றாவது வகையில்தான் வேலை இருக்கிறது. அந்த அக்காவின் வீட்டுக்காரர் ஆதார் உங்கள் படிவத்தில் எந்த இடத்தில் கேட்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்த படிவங்களில் பெரும்பாலும் “அவசரத் தொடர்பு” என்ற தலைப்பின் கீழேதான் அது இருக்கும். ஆலையில் ஒருவர் மயங்கி விழுந்தால் வீட்டுக்குச் சொல்ல ஒரு பெயரும் போன் நம்பரும் போதும். அதற்கு 12 இலக்க எண்ணும் அட்டையின் ஜெராக்ஸும் எதற்கு? யாரோ ஒரு பெரிய கம்பெனியின் படிவத்தை எப்போதோ நகல் எடுத்திருப்பார்கள், கட்டமும் கூடவே வந்திருக்கும். படிவத்தில் “மதம், சாதி” என்று ஒரு வரி இருந்தால் அதற்கும் இதே கேள்விதான். தனியார் ஆலையில் முந்திரி உடைக்க வருபவரின் சாதி எந்தச் சம்பளக் கணக்குக்கும் தேவையில்லை. அந்த வரியை அடியுங்கள். அறிவிப்பில் அதற்கொரு காரணம் கற்பிக்க முயலாதீர்கள்.

இப்போது சட்டம். இதில் பலருக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆனால் அறிவிப்பு, சம்மதம் பற்றிய பிரிவுகள் அன்றே நடைமுறைக்கு வரவில்லை. 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், அதாவது 2027 மே வரை. “அப்படியானால் இப்போது ஒன்றும் வேண்டாமே” என்று உங்கள் முதலாளி சொல்லலாம். அது சரியல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவும், அதன் கீழ் 2011-இல் வந்த விதிகளும் இன்று வரை உயிரோடு இருக்கின்றன. பேங்க் கணக்கு விவரம், உடல்நலத் தகவல், கைரேகை போன்ற உடல் அடையாளம் ஆகியவற்றை அந்த விதிகள் கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டிய தகவல் என்று தனியாகப் பிரிக்கின்றன. இவற்றை வாங்கும் முன் எழுத்தில் சம்மதம் வேண்டும். எதற்காக வாங்குகிறீர்கள், யாரிடம் போகும், யார் வைத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டும். தர முடியாது என்று சொல்லவும், தந்த சம்மதத்தை எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். குறை கேட்க ஒருவரை நியமித்து, ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். கம்பெனி மட்டுமல்ல, தனி ஒருவர் நடத்தும் தொழிலும் இதில் அடக்கம்.

புதிய சட்டத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. வேலை தொடர்பான காரியங்களுக்காகவும், முதலாளிக்கு நஷ்டம் வராமல் பாதுகாக்கவும் ஊழியரின் தகவலைச் சம்மதம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று அதன் 7-ஆம் பிரிவு சொல்கிறது. சம்மதம் கேட்கும் இடத்தில்தான் அறிவிப்பு கட்டாயம். இதை வைத்துக்கொண்டு, “ஊழியர் தகவல் எல்லாமே வேலை தொடர்பானதுதான், யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம்” என்று சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். வீட்டுக்காரரின் ஆதார் எப்படி வேலை தொடர்பானதாகும்? மேலும், உங்களிடம் வரும் ஆடிட்டர் சட்டப் பிரிவைக் கேட்க மாட்டார். தோல் உரிக்கும் இடத்துக்கு நேராகப் போய், அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம், “மெஷினில் உங்கள் விரலை எதற்கு வைக்கச் சொல்கிறார்கள், அது எங்கே போகிறது?” என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்பார். அந்தப் பெண்ணால் சொல்ல முடிந்தால் உங்கள் அறிவிப்பு வேலை செய்திருக்கிறது. ஆங்கிலத்தில் 140 கையெழுத்து இருந்தும் அவருக்குத் தெரியவில்லை என்றால், அந்தக் கையெழுத்துகளே உங்களுக்கு எதிரான சாட்சி.

அதனால் இரண்டு தாள் தயார் செய்யுங்கள், ஒன்றோடு ஒன்றைச் சேர்க்க வேண்டாம். முதல் தாள் அறிவிப்பு. அதற்குச் சம்மதக் கையெழுத்து தேவையில்லை. படித்துக் காட்டி ஒரு பிரதி கொடுத்தோம் என்பதற்கான ஒப்பம் மட்டும் போதும். இரண்டாவது தாள் சம்மதச் சீட்டு. அதில் கைரேகைக்கு ஒரு கேள்வி, பேங்க் கணக்குக்கு ஒரு கேள்வி என்று தனித்தனியாக இருக்கட்டும், ஒவ்வொன்றிலும் “சரி”, “வேண்டாம்” என்று இரண்டு கட்டம் போடுங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து வாங்கினால் எதற்குச் சம்மதித்தார் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கைரேகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தொழிலில் அது வேறெந்தத் தொழிலையும் போல இல்லை. முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலை அரிக்கும். உடைக்கும் பிரிவில் வருடக்கணக்கில் உட்கார்ந்த பெண்களின் கையைப் பாருங்கள். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்து, தோல் உரிந்து, ரேகையே வழுவழுவென்று ஆகியிருக்கும். மெஷின் அவர்களை அடையாளம் காணத் திணறும். மூன்று தடவை, நான்கு தடவை வைத்துப் பார்ப்பார்கள், பின்னால் வரிசை நிற்கும், கடைசியில் பதிவாகாமலே உள்ளே போவார்கள். மாதக் கடைசியில் அந்த நாள் வராத நாளாகக் காட்டும். கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அன்றைய கூலி கிடைத்துவிடலாம். ஆனால் விடுமுறைச் சம்பளமும் போனஸும் வேலை நாள் கணக்கில்தானே வருகிறது? உங்கள் மெஷினின் போன மாத அறிக்கையை எடுத்து, உடைக்கும் பிரிவுக்கும் தரம் பிரிக்கும் பிரிவுக்கும் விடுபட்ட பதிவுகளைத் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். உடைக்கும் பிரிவில் அதிகமாக இருந்தால் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, அந்த எண்ணெய்தான்.

ஆகவே இரண்டாவது வழி ஒன்று எப்படியும் உங்களுக்குத் தேவை. ஒரு அட்டையோ, சூபர்வைசர் முன்னால் ஒப்பமிடும் நோட்டோ போதும். அந்த வழி இருந்தால்தான் சம்மதமும் உண்மையான சம்மதமாகும். “விரல் வைக்காவிட்டால் வேலை கிடையாது” என்று சொல்லிவிட்டு வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று நான் சொல்ல மாட்டேன், புதிய சட்டமும் சொல்லாது. சம்மதம் சுதந்திரமாக, நிபந்தனை இல்லாமல் தரப்பட வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்பவருக்குக் கூலியிலோ, உட்காரும் இடத்திலோ, பேச்சிலோ எந்தக் குறையும் வரக் கூடாது. பேங்க் கணக்கிலும் வேண்டாம் என்று ஒருவர் டிக் போட்டால், காசோலையாகவோ கையிலோ கொடுத்து ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அறிவிப்பை எழுதும் முன் மெஷினிடம் ஒரு முறை போய் வாருங்கள். ஏனென்றால், அது என்ன செய்கிறது என்று தெரியாமல் நீங்கள் எழுதுவது பொய்யாகிவிடலாம். பெரும்பாலான மெஷின்கள் கைரேகையின் படத்தை வைத்திருப்பதில்லை. ரேகையின் முக்கியப் புள்ளிகளை ஒரு எண் கோவையாக மாற்றி வைத்திருக்கும். அது உள்ளேயே இருக்கிறதா, வெளியே போகிறதா என்பதுதான் கேள்வி. மெனுவில் `COMM.` என்ற பகுதியில் `Cloud Server Setting` என்று ஒன்று பல மெஷின்களில் இருக்கும். அதில் ஒரு முகவரி நிரப்பியிருந்தால், மெஷின் வேறொரு கம்பெனியின் சர்வரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வருகைப் பதிவு மட்டும் போகிறதா, ரேகையும் சேர்ந்து போகிறதா என்று விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், அட்மின் யார் என்று பாருங்கள். அட்மின் யாரையும் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், மெனு பட்டனை அழுத்தும் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பெயரைச் சேர்க்கலாம், அழிக்கலாம். கடைசியாக, வேலையை விட்டுப் போன ஒருவரின் பெயரை மெஷினிலேயே தேடுங்கள். கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருளில் பெயரை நீக்கினாலும் மெஷினில் ரேகை அப்படியே இருப்பதை நான் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். “வேலையை விட்டதும் அழித்துவிடுவோம்” என்று அறிவிப்பில் எழுதினால், இரண்டு இடத்திலும் அழிக்க வேண்டும்.

சரி, அறிவிப்பை இப்படி எழுதலாம். உங்கள் ஆலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யாத எதையும் செய்வதாக விட்டுவைக்காதீர்கள்.

> உங்களைப் பற்றி நாங்கள் வைத்திருக்கும் தகவல்
>
> உங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி, போன் நம்பர் எங்களிடம் உள்ளன. உங்களை வேலைப் பதிவேட்டில் சேர்க்கவும், வேலை நேரம், விடுமுறை பற்றிச் சொல்லவும் இவை தேவை.
>
> உங்கள் ஆதார் எண் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குக்காக வாங்கப்படுகிறது. சட்டப்படி இது தேவை. எண்ணைச் சரிபார்த்ததும் ஜெராக்ஸை உங்களிடமே திருப்பித் தருவோம். உங்கள் குடும்பத்தில் வேறு யாருடைய ஆதாரும் எங்களுக்கு வேண்டாம்.
>
> இ.எஸ்.ஐ. மருத்துவத்துக்காகக் குடும்பத்தாரின் பெயர், பிறந்த தேதி, உறவுமுறை கேட்போம். பி.எஃப். பணம் உங்களுக்குப் பின் யாருக்குச் சேர வேண்டும் என்ற விவரமும் கேட்போம். அவசரத்துக்குச் சொல்ல ஒருவரின் பெயரும் போன் நம்பரும் கேட்போம்.
>
> பேங்க் கணக்கு எண் சம்பளம் போட மட்டும். வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம்.
>
> கைரேகை, வேலைக்கு வந்த நேரமும் போன நேரமும் குறிக்க மட்டும். அது வாசலில் உள்ள மெஷினிலும் அலுவலகக் கம்ப்யூட்டரிலும் இருக்கும். கைரேகை கொடுக்க விருப்பம் இல்லாதவர்களும், ரேகை பதியாதவர்களும் நோட்டில் ஒப்பமிடலாம். அதனால் கூலியில் எந்த வித்தியாசமும் இல்லை. வேலையை விட்ட ஏழு நாளுக்குள் கைரேகையை அழித்துவிடுவோம். இடையில் வேண்டாம் என்று எழுதித் தந்தாலும் அழித்துவிடுவோம்.
>
> வாசலிலும் பேக்கிங் அறையிலும் கேமரா இருக்கிறது. சரக்கு காணாமல் போனால் பார்ப்பதற்காக. 30 நாளில் பதிவு தானாக அழியும். உடை மாற்றும் அறையில் கேமரா கிடையாது.
>
> உங்கள் தகவல் பி.எஃப்., இ.எஸ்.ஐ. அலுவலகங்களுக்கும், பேங்குக்கும், எங்களுக்குக் கணக்குப் பார்க்கும் (பெயர்) அலுவலகத்துக்கும் போகும். வேறு யாருக்கும் தர மாட்டோம்.
>
> உங்களைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்க்கவும், தவறு இருந்தால் திருத்தவும், குறை சொல்லவும் அலுவலகத்தில் (பெயர்) அவர்களிடம் வாருங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் சொல்வோம்.

இவ்வளவுதான். ஒரு பக்கத்தில் அடங்கும். இதில் ஒரு வரி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாதிரிகளில் அதை ஒப்புக்குத்தான் எழுதுவார்கள். “தவறு இருந்தால் திருத்தவும்” என்ற வரி அது. நம் பக்கத்தில் தங்கபாய் என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் அவர் பெயர் இரண்டு சொல்லாகப் பிரிந்து இருக்கும். சேரும்போது யாரோ இனிஷியல் போட்டு ஒரே சொல்லாக அடித்திருப்பார்கள். பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று. இருபது வருடம் பி.எஃப். கட்டிவிட்டு, மகள் கல்யாணத்துக்கு எடுக்கப் போகும்போதுதான் பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பும். அந்த வயதில் நாகர்கோவிலுக்கும் ஆலைக்கும் எத்தனை நடை நடப்பார்? அறிவிப்பு கொடுக்கும் நாளிலேயே ஒவ்வொருவருக்கும் அவருடைய பதிவை ஒரு துண்டுத் தாளில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். பெயர், பிறந்த தேதி, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. எண், பேங்க் கணக்கின் கடைசி நான்கு இலக்கம், இவ்வளவு போதும். அதை ஆதாரோடு வைத்துப் பார்த்துவிட்டு, பிழை இருந்தால் வட்டமிட்டுத் தரச் சொல்லுங்கள். இந்த அறிவிப்பிலேயே பெண்களுக்கு மிகவும் பயன்படப் போவது இதுதான் என்பது என் எண்ணம்.

கொடுக்கும் விதமும் முக்கியம். புதிய சட்டப்படி ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ அறிவிப்பைப் பெற ஊழியருக்கு வாய்ப்பு தர வேண்டும். தமிழும் மலையாளமும் அதில் உண்டு. களியக்காவிளை, பளுகல் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் மலையாளம் படித்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு மலையாளத்தில் ஒரு பிரதி எடுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் எப்படியும் இருப்பார்கள். அதனால் சுவரில் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். டீ குடிக்கும் நேரத்தில் பிரிவு பிரிவாக உட்காரவைத்து, நீங்களே உரக்கப் படியுங்கள். பத்து நிமிடம் போதும். படித்து முடித்ததும் மூன்று பேரிடம் மட்டும், “விரல் எதற்கு வைக்கிறோம்? வேண்டாம் என்றால் என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் வாக்கியத்தை மாற்றுங்கள். கைநாட்டு வைப்பவருக்கு, அவர் நம்பும் கூட வேலை பார்க்கும் ஒருவரைச் சாட்சியாக ஒப்பமிடச் செய்யுங்கள். சூபர்வைசர் சாட்சி வேண்டாம்.

ஏற்கெனவே மூன்று மாதமாக ரேகை வைத்துவிட்டார்களே என்றால், இப்போது கேட்பதில் தவறில்லை, கேட்டே ஆக வேண்டும். சம்மதச் சீட்டில் வேண்டாம் என்று டிக் போடுபவரின் ரேகையை அன்றைக்கே அழியுங்கள், அவர் பார்க்க அழியுங்கள். 140 பேரில் நாலைந்து பேர் அப்படிச் சொல்லலாம். முதலாளி முகம் சுளித்தால், உடைக்கும் பிரிவுக்கு எப்படியும் நோட்டு வைக்க வேண்டியிருக்கிறது என்பதை நினைவூட்டுங்கள்.

அறிவிப்பில் “வேறு யாருக்கும் தர மாட்டோம்” என்று எழுதுகிறீர்கள் அல்லவா, அது அதிகமாக மீறப்படும் இடம் வாட்ஸ்அப். சில வருடம் முன்பு ஒரு ஆலைக்கு நான் ஆலோசனைக்குப் போயிருந்தேன். இ.எஸ்.ஐ. பதிவு செய்ய வேண்டியவர்களின் பட்டியலை, பெயர், ஆதார் எண், பேங்க் கணக்கு, போன் நம்பர் எல்லாம் சேர்த்து ஒரே தாளில் படம் எடுத்து, சூபர்வைசர்கள் உள்ள குழுவில் போட்டிருந்தார்கள். “விடுபட்டவர்கள் சொல்லுங்கள்” என்பதுதான் நோக்கம். குழுவில் 31 பேர். அவர்களில் ஆறு பேர் வேலையை விட்டே போனவர்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனாலும் அந்தப் படம் இன்று எத்தனை போனில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் ஆலையில் அப்படி ஒரு குழு இருந்தால், அறிவிப்பு கொடுக்கும் முன் அதைத் திறந்து பழைய படங்களைத் தேடுங்கள். போட்டவரையே நீக்கச் சொல்லுங்கள், நீண்ட நாள் ஆகிவிட்டால் எல்லாருக்கும் நீக்கும் வசதி வேலை செய்யாது. அப்போது ஒவ்வொருவரிடமும் கேட்டு அழிக்கவைக்க வேண்டும். விடுபட்டவர்களைச் சரிபார்க்கப் பெயரும் டோக்கன் நம்பரும் போதும்.

இன்னொரு இடம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. மாதக் கணக்கை அனுப்பித் தரும் வெளி அலுவலகம். அவர்கள் கம்ப்யூட்டரின் `Downloads` பெட்டியில் உங்கள் 140 பேரின் விவரமும் வருடக்கணக்கில் கிடக்கும். வேலை முடிந்ததும் அழிப்போம், பிறருக்குத் தர மாட்டோம், திருட்டோ கசிவோ நடந்தால் உடனே சொல்வோம் என்று அவர்களிடம் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். 2027 மே மாதத்துக்குப் பிறகு இப்படி வெளியாட்களிடம் தகவலைக் கொடுக்க முறையான ஒப்பந்தம் இருந்தே ஆக வேண்டும். அவர்கள் கையிலிருந்து கசிந்தாலும் பொறுப்பு உங்கள் ஆலைக்குத்தான். அந்த மாதம் வந்ததும் அறிவிப்பின் கடைசிப் பத்தியில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கும். உங்கள் பதிலில் திருப்தி இல்லாவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் எப்படிப் புகார் செய்யலாம் என்ற வரி அது. இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள்.

கடைசியாக, அந்த அக்காவுக்கான பதில். “அவசரத்துக்குக் கேட்ட இடத்தில் தவறுதலாக ஆதாரையும் கேட்டுவிட்டோம், அது எங்களுக்குத் தேவையில்லை” என்று நேராகச் சொல்லுங்கள். பீரோவில் உள்ள குடும்பத்தாரின் ஆதார் ஜெராக்ஸ் எல்லாவற்றையும் எடுத்து, பெயர் எழுதிய உறைகளில் போட்டு, சம்பள நாளன்று அவரவர் கையில் கொடுத்து ஒப்பம் வாங்குங்கள். ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்திருந்தால் அதையும் அழித்துவிட்டு, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். முதல் உறை அந்த அக்காவுக்குப் போகட்டும்.